அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சாதிச் சான்று இல்லாத குடும்பங்கள்: வருவாய்த் துறை வழியாகச் சான்று பெறுவது குறித்துக் கேட்கப்படும் கேள்விகள்

அப்பா இறந்துவிட்டார். அவரும் தாத்தாவும் சாதிச் சான்று வாங்கியதே இல்லை. எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். தந்தையின் சான்று இருந்தால் அதிகாரியின் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால்தான் அதை முதலில் கேட்கிறார்கள். அது இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆவணங்களால் நிரப்ப வேண்டும்.

அதிகாரி இரண்டு விஷயங்களில் தெளிவுபெற வேண்டியிருக்கிறது. உங்கள் தந்தைவழியில் யாரோ ஒருவர் இன்ன சாதியினர் என்று, இந்த விண்ணப்பத்துக்கு வெகுகாலம் முன்பே, வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக எழுதப்பட்ட பதிவு இருக்கிறதா என்பது ஒன்று. அந்த நபருக்கு நீங்கள் என்ன உறவு என்பதைக் காட்டும் தாள் இருக்கிறதா என்பது மற்றொன்று. முதலாவதை எப்படியோ தேடிப் பிடித்துவிடுகிறவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். நான் பார்த்த நிராகரிப்புகளில் பல, சாதியில் ஐயம் எழுந்ததால் நிகழ்ந்தவை அல்ல. பெரியப்பாவின் சான்றை இணைத்துவிட்டு, அவரும் தம் தந்தையும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்பதற்கு ஒரு தாளும் இணைக்காததால் நிகழ்ந்தவை.

தமிழ்நாட்டில் யாரிடம் விண்ணப்பிப்பது, யார் கையெழுத்திடுவது?

விண்ணப்பம் இ-சேவை வழியாகவே போகிறது. இ-சேவை மையத்தில் கொடுக்கலாம், அல்லது tnesevai.tn.gov.in தளத்தில் குடிமக்கள் பகுதியில் நுழைந்து நீங்களே பதிவு செய்யலாம். சாதிச் சான்றுக்கான சேவை எண் REV-101. அதற்கு முன் உங்கள் பெயரில் CAN எனப்படும் குடிமக்கள் கணக்கு எண் பதிவாகியிருக்க வேண்டும். அதில் நீங்கள் தரும் முகவரியைப் பொறுத்தே கோப்பு எந்தக் கிராம நிர்வாக அலுவலருக்குப் போகும் என்பது முடிவாகிறது. ஆகவே பழைய முகவரி அதில் இருந்தால் முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்துப் பரிந்துரை எழுதுவார்கள். சான்று கொடுப்பது அவர்களுக்கு மேலுள்ளவர். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்றால் துணை வட்டாட்சியர் நிலையிலும், ஆதிதிராவிடர் என்றால் வட்டாட்சியர் நிலையிலும், பழங்குடியினர் என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையிலும் சான்று வழங்கப்படுகிறது. பழங்குடியினர் கோப்பு ஒரு படி மேலே போவதால் விசாரணையும் நீளும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாத்தா பள்ளிக்கூடமே போகாதவர். வேறு எங்கே தேடுவது?

அவர் பெயரில் இல்லாவிட்டால் அவருடைய உடன்பிறந்தவர்கள், அவருடைய மற்ற பிள்ளைகள் பெயரில் தேடுங்கள். ஒரு குடும்பத்தில் ஐந்து பேரில் ஒருவராவது ஓரிரு ஆண்டுகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பள்ளியின் சேர்க்கை நீக்கப் பதிவேட்டில் சாதிக்கென ஒரு கட்டம் உண்டு. அந்தப் பக்கத்தின் நகலைத் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் கேட்டு, கையொப்பமும் முத்திரையும் பெற்று வாங்குங்கள். ஆண்டு தெரியாது என்று சொல்லி நிற்காமல், பிறந்த ஆண்டோடு ஐந்தைக் கூட்டி, முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகள் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி மூடப்பட்டிருந்தாலோ வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டிருந்தாலோ, பதிவேடுகள் எங்கே ஒப்படைக்கப்பட்டன என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும். வாய்மொழியாக "இல்லை" என்ற பதில் வந்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுக் கொடுங்கள். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். "பதிவேடு அழிந்துவிட்டது" என்று வரும் பதிலும் பயனுள்ளதே, ஏனென்றால் நீங்கள் தேடாமல் விட்டுவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது இடம் சார்பதிவாளர் அலுவலகம். இதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு, ஆனால் பள்ளிக்கூடம் போகாத தலைமுறைக்கு இதுதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. பழைய கிரயப் பத்திரங்களிலும் அடமானப் பத்திரங்களிலும் எழுதிக் கொடுப்பவரின் பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயர், சாதி, ஜீவனம் என்று வரிசையாக எழுதும் வழக்கம் இருந்தது. ஒரு வரியில் சாதியும் உறவும் சேர்ந்தே கிடைப்பதால் அதிகாரியின் இரண்டு கேள்விகளுக்கும் அது பதிலாகிறது. குடும்பத்திடம் இப்போது நிலம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. விற்றவர்தான் தாளைத் தொலைப்பார். வாங்கியவர் மூலப் பத்திரம் என்று பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார். தாத்தா காணியை யாருக்கு விற்றார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து, அந்த வீட்டில் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும், சான்றிட்ட நகலைச் சார்பதிவாளரிடம் நீங்களே பெறலாம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதல் புத்தகத்தில் பதியப்படுகின்றன. கட்டணம் செலுத்தி அதன் நகலை யாரும் கேட்கலாம்.

எண்ணும் ஆண்டும் கிடைக்கவில்லை என்றால் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். இணையத்தில் தெரிவது பிற்காலப் பதிவுகளே; அதற்கு முந்தையவற்றைப் பெயர் அட்டவணையிலும் சொத்து அட்டவணையிலும் கையால்தான் தேட வேண்டும், அதற்கென மனு உண்டு. சொத்து வழியாகத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யு.டி.ஆர். என்று சொல்லப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல கிராமங்களில் புல எண்களும் உட்பிரிவுகளும் மாறின. இன்றைய எண்ணை வைத்து 1960-களின் பத்திரத்தைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பழைய எண் எது என்பதைக் கிராமக் கணக்கிலிருந்து தெரிந்துகொண்ட பின்பே தேட வேண்டும். பழைய வருவாய்த் தாள்களில் ஆண்டு பசலியில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1370 என்பது 1960 ஜூலை முதல் 1961 ஜூன் வரை.

அரசு வேலையில் இருந்த உறவினர் எவரேனும் இருந்தால் அவருடைய பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தையும் கேட்டுப் பாருங்கள்.

பத்திரத்தில் ஒரு சாதிப் பெயர், பெரியப்பா மகனின் சான்றில் வேறு பெயர். இது சிக்கலா?

சில நேரம் சிக்கல், சில நேரம் வெறும் தோற்றம். ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். மாணவி இப்போது தாம்பரத்தில் இருக்கிறாள். இறந்துபோன தந்தைக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கத்துக் கிராமம். அவர் பள்ளிக்குப் போனதற்கான தாள் எதுவும் வீட்டில் இல்லை. தேடியதில் மூன்று தாள்கள் கிடைக்கின்றன. கொள்ளுத்தாத்தா 1961-இல் அரைக் காணி நிலம் விற்ற பத்திரத்தில் "வட ஆற்காடு ஜில்லா, செய்யாறு தாலுகா" என்று தொடங்கி, அவர் பெயருக்குப் பின் "குயவர், மண்பாண்டம் ஜீவனம்" என்று இருக்கிறது. சித்தப்பா ஐந்தாம் வகுப்புவரை படித்த ஊர்ப் பள்ளியின் பதிவேட்டிலும் "குயவர்" என்றே இருக்கிறது. பெரியப்பா மகன் 2009-இல் வாங்கிய சான்றில் மட்டும் "குலாலா" என்று இருக்கிறது.

மாணவியின் தாய்க்கு இது முரண்பாடாகத் தோன்றி, சான்றை இணைக்காமலே விட்டுவிட நினைத்தார். உண்மையில் அதுதான் கோப்பின் மிக வலுவான தாள். தமிழ்நாட்டின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் குலாலா என்ற ஒரே பதிவுக்குள் குயவரும் கும்பாரரும் அடங்குவர். ஊர் வழக்குப் பெயர் பத்திரத்திலும் பள்ளியிலும் ஏறியது, பட்டியல் பெயர் சான்றில் ஏறியது, அவ்வளவுதான். மனுவோடு ஒரு வரியில் இந்த விளக்கத்தை எழுதி, பட்டியலின் அந்தப் பக்கத்தையும் இணைத்துவிட்டால் விசாரிப்பவருக்கு ஐயம் எழ இடமில்லை. ஆனால் இரண்டு பெயர்களும் பட்டியலில் தனித்தனிப் பதிவுகளாக இருந்தால் நிலைமை வேறு. அப்போது எது காலத்தால் மூத்த தாளோ, எது இந்தச் சலுகைகளை எண்ணிப் பார்க்காத காலத்தில் எழுதப்பட்டதோ, அதற்கே எடை அதிகம்.

இனி உறவுச் சங்கிலி. தாத்தா 1998-இல் இறந்தபோது எடுத்த வாரிசுச் சான்றில் பெரியப்பா, தந்தை, சித்தப்பா மூவரும் மகன்கள் என்று ஒரே தாளில் இருக்கிறது. தந்தையின் இறப்புச் சான்றில் தாத்தாவின் பெயர் இருக்கிறது. மாணவியின் பிறப்புச் சான்றில் தந்தையின் பெயர் இருக்கிறது. கொள்ளுத்தாத்தாவையும் தாத்தாவையும் இணைப்பது தாத்தாவின் பெயருக்கு மாறிய பட்டா. இவற்றை வைத்துக் கொடிவழிப் பட்டியல் ஒன்றை ஒரே பக்கத்தில் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதை நிரூபிக்கும் இணைப்பு எண்ணை எழுதினார்கள். அந்த ஒரு பக்கம் இல்லாதிருந்தால் ஏழு தாள்களும் ஏழு தனித் தாள்களாகவே கிடந்திருக்கும்.

பத்திரத்தில் "முனிசாமி", ரேஷன் அட்டையில் "முனுசாமி". நோட்டரியிடம் உறுதிமொழி வாங்கினால் போதுமா?

எழுத்து வேறுபாடு இவ்வளவு சிறியதாக இருந்தால் அது பெரும்பாலும் தடையாவதில்லை. தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பெயரே வேறாக இருந்தால், அதாவது பத்திரத்தில் ஒரு பெயரும் ஊரில் அழைத்தது வேறு பெயருமாக இருந்தால், இரண்டு பெயர்களும் ஒரே தாளில் "என்கிற" என்று வரும் ஆவணத்தைத் தேடுங்கள். உறுதிமொழி ஆவணம் என்பது நீங்கள் சொல்வதை முத்திரைத் தாளில் நீங்களே சொல்வது. அது விளக்கமாகப் பயன்படுமே தவிர, சாதிக்கோ உறவுக்கோ ஆதாரமாகாது. அதற்குச் செலவழிக்கும் பணத்தைச் சான்றிட்ட நகல்களுக்குச் செலவழிப்பது மேல்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தாவின் சாதி இருக்குமே, அதைக் கேட்டு வாங்க முடியாதா?

முடியாது. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனிநபர் பதிவுகளைப் பார்வையிடவும் சான்றாகப் பயன்படுத்தவும் இடம் தரவில்லை. அந்த அலைச்சல் வேண்டாம்.

நாங்கள் வேறு வட்டத்துக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சொந்த ஊரில்தான் விண்ணப்பிக்க வேண்டுமா?

இப்போது நிலையாக வசிக்கும் இடத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் இங்குள்ள கிராம நிர்வாக அலுவலருக்கு உங்கள் குடும்பத்தைத் தெரியாது. அக்கம்பக்கத்தாரும் உங்களைப் பத்தாண்டுகளாக மட்டுமே அறிந்தவர்கள். ஆகவே சொந்த ஊர் வட்டத்திலிருந்து அறிக்கை கேட்கப்படும், அங்குதான் கோப்பு தங்கும். அதைத் தவிர்க்க, சொந்த ஊரின் பெயரையும் வருவாய்க் கிராமத்தையும் இன்றைய வட்டத்தையும் மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். பழைய தாளில் "வட ஆற்காடு" என்று இருப்பதை அப்படியே எழுதிவிட்டால் கடிதம் வேலூருக்குப் போய்த் திரும்பும். அந்த மாவட்டம் 1989-இல் பிரிந்தது, செய்யாறு இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. வட்டங்களும் இதுபோலப் பலமுறை பிரிந்திருக்கின்றன.

வேறு மாநிலத்திலிருந்து வந்த ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களுக்கு விதி வேறு. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், குடியரசுத் தலைவர் ஆணைகள் வெளியான நாட்களில், அதாவது ஆதிதிராவிடருக்கு 10.08.1950 அன்றும் பழங்குடியினருக்கு 06.09.1950 அன்றும், குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்ததோ அந்த மாநிலத்துக்குரியவராகவே கருதப்படுவர். இங்கு பிறந்து வளர்ந்ததால் மட்டும் தமிழ்நாட்டுப் பட்டியலின் உரிமை கிடைத்துவிடாது.

விசாரணைக்கு வருகிறவர் என்ன கேட்பார்?

பெரும்பாலும் சொந்த ஊர், குலத்தொழில், பெண் எடுத்த கொடுத்த குடும்பங்கள், அந்தக் குடும்பங்களில் யாரிடமாவது சான்று இருக்கிறதா என்பவை. ஊரில் இருக்கும் வயதான இருவரின் வாக்குமூலத்தையும் எழுதி வாங்குவார். யார் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்காதீர்கள்; ஒரே வாக்கியத்தை மூன்று பேர் சொன்னால் விசாரிப்பவருக்குத்தான் ஐயம் வரும். தாத்தா எந்தத் தெருவில் இருந்தார், எந்தச் சூளையில் வேலை செய்தார் என்று பெரியவர் தம் போக்கில் சொல்வதே மதிப்புள்ளது.

பழங்குடியினர் விண்ணப்பங்களில் சடங்கு, வழிபாடு, பேச்சுவழக்கு ஆகியவற்றைக் கேட்கும் இனவழக்கு விசாரணையும் நடக்கலாம். இதில் தலைமுறைகளாக நகரத்தில் வாழ்ந்தவர்கள் தடுமாறுவது இயல்பு. இந்தச் சோதனை ஒன்றே முடிவைத் தீர்மானிக்கும் உரைகல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறியுள்ளது. விடுதலைக்கு முந்தைய ஆவணங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்பதும் அதன் தொடர்ந்த நிலைப்பாடு. ஆகவே அப்படிப்பட்ட ஒரு தாள் கையில் இருந்தால் அதை இணைப்பின் முதல் பக்கமாக வையுங்கள்.

எனக்குத் திருமணமாகிவிட்டது. கணவருடைய சான்றை வைத்து எடுக்கலாமா?

எடுக்க முடியாது. சாதி பிறப்பால் வருவதாகவே சட்டம் பார்க்கிறது. திருமணம் அதை மாற்றுவதில்லை. உங்கள் தந்தை வீட்டு ஆவணங்களைத்தான் தேட வேண்டும். பெற்றோர் கலப்புத் திருமணம் செய்தவர்கள் என்றால், தமிழ்நாட்டில் தாயின் சாதியையோ தந்தையின் சாதியையோ குறிப்பிடலாம்; தந்தைவழியில் தாளே இல்லாதவர்களுக்கு இது உண்மையான மாற்றுவழி.

"போதிய ஆவணம் இல்லை" என்று நிராகரித்துவிட்டார்கள். மறுபடி விண்ணப்பிப்பதா, மேல்முறையீடா?

கையில் புதிதாக ஒரு தாள் வந்திருக்கிறதா என்பதே பதிலைத் தீர்மானிக்கிறது. வந்திருந்தால் புது விண்ணப்பம் போடுங்கள், முந்தைய நிராகரிப்பை மறைக்காமல் குறிப்பிட்டு, இப்போது எது கூடுதலாக இருக்கிறது என்று எழுதுங்கள். அதே தாள்களோடு மறுபடி போடுவதால் அதே மேசைக்குப் போய் அதே பதில்தான் வரும். தாள்கள் போதுமானவையாக இருந்தும் கவனிக்கப்படவில்லை என்று நினைத்தால், நிராகரிப்பு ஆணையின் நகலைப் பெற்று, அடுத்த மேலதிகாரியிடம் மேல்முறையீடு செய்யுங்கள். வட்ட அளவில் நிராகரிக்கப்பட்டதைக் கோட்டாட்சியரிடமும், கோட்ட அளவில் நிராகரிக்கப்பட்டதை மாவட்ட ஆட்சியரிடமும் கொண்டுபோக வேண்டும். இன்ன தாள் இருந்தது, அதைப் பற்றி ஆணையில் ஒரு சொல்லும் இல்லை என்று காட்டுவதே மேல்முறையீட்டின் சாரம். அதற்குப் பின்பும் தீராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு உண்டு.

அலுவலக வாசலில் "பழைய தேதியிட்டு ஒரு பள்ளிச் சான்று தயார் செய்து தருகிறேன்" என்று சொல்பவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிச் சான்றின் உண்மைத்தன்மையைப் பள்ளிக்கே எழுதிக் கேட்பது வழக்கமான நடைமுறை. பொய்ச் சான்றால் பெற்ற இடமும் வேலையும் எத்தனை ஆண்டு கழித்தும் பறிபோகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2017-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. உண்மையாகவே அந்தச் சாதியைச் சேர்ந்தவர் ஒரு போலித் தாளை இணைத்துவிட்டு, நல்ல தாள்களின் மதிப்பையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

சான்று வந்துவிட்டது. வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பதிவிறக்கியதும் அன்றைக்கே நான்கு இடங்களைப் பாருங்கள்: உங்கள் பெயரும் முதலெழுத்தும் பள்ளிச் சான்றில் உள்ளபடி இருக்கிறதா, தந்தையின் பெயர் சரியா, சாதியின் பெயர் பட்டியலில் உள்ள சொல்லாகவே இருக்கிறதா, வகுப்பு சரியா. பிழை இருந்தால் இந்தக் கோப்பு இன்னும் எல்லோர் நினைவிலும் இருக்கும்போதே திருத்தக் கேட்பது எளிது. பிறகு, நீங்கள் தேடிச் சேர்த்த பத்திர நகலையும் பள்ளிப் பதிவேட்டு நகலையும் கொடிவழிப் பக்கத்தையும் மேகச் சேமிப்பிலும் ஒரு பையிலுமாக இரண்டு இடங்களில் வையுங்கள். தம்பிக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் அடுத்த ஆண்டு அதே தாள்கள் வேண்டியிருக்கும்.